முடிவுரையில் ஒரு வினைச்சொல்: ஆய்வு மாணவிக்கு நெறியாளர் எழுதிய கடிதம்



'கேழ்வரகுக் கூழ் குழந்தைகளின் ஹீமோகுளோபினை உயர்த்துகிறது' என்று முடிவுரையில் எழுதியிருக்கிறாய். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒருமுறைதான் ரத்தம் பரிசோதித்தாய். கூழ் பற்றித் தாயிடம் கேட்டதும் அதே நாளில்தான். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் 'உயர்ந்தது' என்று எப்படிச் சொல்வது? கூழ் கொடுக்கும் வீட்டில் கீரையும் முட்டையும்கூடக் கிடைத்திருக்கலாம்; குடற்புழு மாத்திரையும் தவறாமல் கொடுத்திருக்கலாம். வினாப்பட்டியலில் அதையெல்லாம் நீ கேட்கவில்லை.

'கூழ் குடிக்கும் குழந்தைகளிடம் ஹீமோகுளோபின் கூடுதலாகக் காணப்பட்டது' என்று மாற்று. அதுவே மதிப்புள்ள கண்டுபிடிப்பு, அம்மா. 'தமிழகக் குழந்தைகள்' என்பதையும் 'இந்த இரண்டு அங்கன்வாடிக் குழந்தைகள்' என்று திருத்து.

பிறகு முடிவுரையின் ஒவ்வொரு வினைச்சொல்லையும் கோடிட்டு, அதைத் தாங்கும் அட்டவணையின் எண்ணை ஓரத்தில் எழுது. எண் கிடைக்காத வாக்கியங்களை வெள்ளிக்கிழமை சேர்ந்து பார்ப்போம்.