லயத்துக்கு வெளியே ஒரு வட்டம்

எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவிக்கு நுண்ணறிவுப் பரீட்சையில் இப்படியொரு வினா வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கூற்று 1: பால் வெட்டுவோர் எல்லோரும் தோட்டத் தொழிலாளர்.
கூற்று 2: தோட்டத் தொழிலாளரில் சிலர் லயத்தில் வசிப்போர்.
முடிவு: பால் வெட்டுவோரில் சிலர் லயத்தில் வசிப்போர்.

அவளுடைய அயல் வீட்டுக்காரரே லயத்திலிருந்து விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர். ஆகவே ‘சரி’ என்று அடையாளமிடுவாள். ஆனால் விடை பிழை. உலகில் அது உண்மையா என்று வினா கேட்கவில்லை. இந்த இரண்டு கூற்றுகளை மட்டும் வைத்து அப்படிச் சொல்லியே தீர வேண்டுமா என்றுதான் கேட்கிறது. உயர்தரத்தில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ படிப்போர் இந்த அமைப்பை நியாயத்தொடை என்பார்கள்.

முதற்படி: இரண்டு கூற்றிலும் வரும் பொதுப்பதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே அது ‘தோட்டத் தொழிலாளர்’. முடிவில் அது வராது. மற்ற இரண்டையும் இணைப்பதே அதன் வேலை.

இரண்டாம் படி: ‘எல்லோரும்’ என்ற கூற்றை முதலில் வரைய வேண்டும். தோட்டத் தொழிலாளருக்குப் பெரிய வட்டம்; அதற்குள்ளே பால் வெட்டுவோருக்குச் சிறிய வட்டம்.

மூன்றாம் படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். லயத்தில் வசிப்போரின் வட்டத்தை வரையும்போது முடிவை உண்மையாக்கப் பார்க்கக் கூடாது, பொய்யாக்கப் பார்க்க வேண்டும். அந்த வட்டம் பெரிய வட்டத்தைத் தொட்டாக வேண்டும். சிறிய வட்டத்தைத் தொடாமலே அப்படி வரைய முடிகிறதா? முடிகிறது. கொழுந்து பறிப்போர் மட்டும் லயத்தில் இருக்கிறார்கள் என்று வைத்தாலும் இரண்டு கூற்றும் கெடவில்லை. ஒரே ஒரு படம் இப்படி அமைந்தால் போதும், முடிவு பெறப்படாது.

இனிச் சொற்களைக் கொஞ்சம் இடம் மாற்றிப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளரில் சிலர் பால் வெட்டுவோர். தோட்டத் தொழிலாளர் எல்லோரும் லயத்தில் வசிப்போர். இப்போது பெரிய வட்டம் முழுவதும் லயத்துக்குள் போய்விட்டது. அதில் இருக்கும் பால் வெட்டுவோரை வெளியே நிறுத்த வழியே இல்லை. எனவே அதே முடிவு இங்கே பெறப்படும். முதல் வினாவில் இரண்டு கூற்றுமே பொதுப்பதத்தை முழுமையாகப் பேசவில்லை. இங்கே இரண்டாம் கூற்று பேசுகிறது. இரண்டு கூற்றில் ஒன்றுகூடப் பொதுப்பதத்தை முழுமையாகப் பேசவில்லை என்றால் அந்த முடிவைச் சந்தேகிக்கலாம்.

பரீட்சைத் தாள் எதிர்ப்பக்கமும் இழுக்கும். ‘தேயிலைச் செடிகள் எல்லாம் இறப்பர் மரங்கள். இறப்பர் மரங்கள் எல்லாம் பால் தருவன. ஆகவே தேயிலைச் செடிகள் எல்லாம் பால் தருவன.’ தேயிலையை அறிந்த பிள்ளை சிரித்துவிட்டுப் ‘பிழை’ என்று போடும். வரைந்து பார்த்தால் ஒரு வட்டத்துக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். வேறு படம் கிடைக்காது. முடிவு பெறப்படும்.

இன்னும் ஒன்று: இவ்வினாக்களில் ‘சிலர்’ என்றால் ‘ஒருவராவது’ என்றே பொருள். ‘சிலர் லயத்தில் வசிப்போர்’ என்ற கூற்றிலிருந்து, ‘சிலர் லயத்தில் வசிக்காதோர்’ என்ற முடிவு வராது; எல்லோருமே அங்கே இருக்கலாம்.