ஜி.பி.யை மணிக்கணக்காக மாற்றுவோம்

ஏழாம் வகுப்பில் படித்த நேர் விகிதத்தையும் எதிர் விகிதத்தையும் எட்டாம் வகுப்பில் நினைவூட்ட, நான் வீட்டுக் கைப்பேசியின் ரீசார்ஜையே கணக்காகக் கொடுக்கிறேன். ஒரு வீட்டில் மாதம் 25 ஜி.பி. டேட்டா. இரண்டு பிள்ளைகள் ஆளுக்குத் தினம் ஒரு மணி நேரம் பாடக் காணொலி பார்க்கிறார்கள். முப்பது நாளுக்கு 60 மணி நேரம். டேட்டா மாதக் கடைசி வரை வருமா?

காணொலியின் தரத்தைப் பொறுத்து ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பது மாறும். 480p தரத்துக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் பெரும்பாலான மாணவர்கள் 3,600 நொடியால் பெருக்கி, ஒரு மணி நேரத்துக்கு 3,600 எம்.பி. என்று எழுதிவிடுவார்கள். அப்படியானால் 25 ஜி.பி. ஏழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விடையை உடனே திருத்தாமல், "உங்கள் வீட்டில் அவ்வளவு சீக்கிரமா தீர்கிறது?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். பிழை எங்கே என்று தேடத் தொடங்குவதும் அப்போதுதான்.

பிழை அலகில் இருக்கிறது. வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். டேட்டாவைப் பைட்டில் விற்கிறார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். Mbps என்பதில் உள்ள சிறிய b பிட்டைக் குறிக்கும், MB என்பதில் உள்ள பெரிய B பைட்டைக் குறிக்கும். எனவே 3,600 மெகாபிட்டை 8ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 450 எம்.பி. கிடைக்கும். 25 ஜி.பி.யை 25,000 எம்.பி. எனக் கொண்டு 450ஆல் வகுத்தால் ஏறத்தாழ 55 மணி நேரம். (ஒரு ஜி.பி.க்கு 1,024 எம்.பி. என்று எடுத்தாலும் 57 மணி நேரத்தைத் தாண்டாது. இங்கே அந்த வேறுபாட்டில் நேரம் செலவிட வேண்டியதில்லை.)

தேவை 60 மணி நேரம், இருப்பது 55. தினம் 2 மணி நேரம் என்றால் 28ஆம் நாள் டேட்டா தீரும். இப்போது தரத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். 720p தரத்துக்கு நொடிக்கு 2.5 மெகாபிட் என்றால் மணிக்கு 1,125 எம்.பி. ஆகிறது. மொத்தமே 22 மணி நேரம்தான், பன்னிரண்டாம் நாள் தொடக்கத்திலேயே தீர்ந்துபோகும். வேகம் இரண்டரை மடங்கு கூட, நேரம் இரண்டரை மடங்கு குறைகிறது. எதிர் விகிதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. 360p தரத்துக்கு நொடிக்கு 0.6 மெகாபிட் என்று கொண்டால் மணிக்கு 270 எம்.பி., 92 மணி நேரம் வரும். ஆனால் சிறிய திரையில் கரும்பலகையில் உள்ள பின்னங்களைப் படிப்பது கடினம்.

நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பது சராசரிதான். அசையாத கரும்பலகைக்குக் குறைவாகவும், படம் ஓடிக்கொண்டே இருக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கூடுதலாகவும் செலவாகும். ஆகவே வீட்டில் அளந்துவரச் சொல்கிறேன். வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசி அமைப்புகளில் காட்டும் டேட்டா பயன்பாட்டைக் காணொலிக்கு முன்னும் பின்னும் குறிக்க வேண்டும். ஒரு மாணவர் பத்து நிமிடம் பார்த்து 0.07 ஜி.பி. என்று எழுதி வந்தார். திரை இரண்டு தசம இடம் மட்டுமே காட்டுவதால் அதில் 0.01 வரை பிழை இருக்கலாம், 0.07இல் அது ஏழில் ஒரு பங்கு. அரை மணி நேரம் பார்த்தபோது 6.31 என்பது 6.52 ஆனது. செலவு 0.21 ஜி.பி., பிழை இருபத்தொன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மணிக்கு 0.42 ஜி.பி. என்பது நம் 450 எம்.பி.க்கு அருகிலேயே இருக்கிறது. காணொலியைப் பாதியில் நிறுத்தினால் அளவு கூடிவிடும். பார்க்காத பகுதியும் சிறிது முன்கூட்டியே இறங்கியிருக்கும்.

"நாளுக்கு 1.5 ஜி.பி." என்ற வகைத் திட்டம் உள்ள வீடுகளில் மாத மொத்தத்தைக் கூட்டி வகுக்கக் கூடாது. இன்று மிஞ்சியது நாளைக்கு வராதபோது, ஒவ்வொரு நாளுக்கும் தனியாகத்தான் கணக்கிட வேண்டும்.

வேகமாக முடித்தவர்களுக்கு ஒரு சமன்பாடு. செய்திகளுக்கும் மற்றவற்றுக்கும் 3 ஜி.பி. ஒதுக்கினால் மீதி 22,000 எம்.பி. 60 மணி நேரத்தில் x மணி நேரம் 480p, மற்றவை 360p:

450x + 270(60 − x) = 22,000

x ஏறத்தாழ 32. கணக்கையும் அறிவியலையும் 480pயில் 32 மணி நேரம், மொழிப் பாடங்களை 360pயில் 28 மணி நேரம் என்று ஒரு மாணவி பிரித்தார். சமூக அறிவியல் வரைபடங்களை எதில் பார்ப்பது என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்க, அவர் மறுபடி பட்டியல் போட உட்கார்ந்துவிட்டார்.