நம்பிக்கைகளும் உண்மைகளும்: அப்பாவின் பென்ஷனும் அண்ணன் அனுப்பிய செய்தியும்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியதும், பல வீடுகளில் மூத்தவர் தம்பி தங்கைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவார். சங்கரன்கோவிலில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த இரண்டு மகள்கள், புளியங்குடியில் அவருடைய வயதான தாய். குடும்பம் உதாரணத்துக்குச் சொன்னது. செய்தி மட்டும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“பேங்க் டெபாசிட்டுக்கு நான்தான் நாமினி, அதை நான் பாத்துக்கிடுதேன். தம்பி, நீ தாலுகா ஆபீஸ்ல வாரிசு சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடு. அது வந்தாத்தான் அம்மாவுக்குப் பென்ஷன். அதுவரைக்கும் அப்பாவோட ஏடிஎம் கார்டுல எடுத்துச் செலவைப் பாத்துக்கிடலாம். போஸ்ட் ஆபீஸ் பணம் எங்கயும் போகாது, மெதுவா பாப்போம். தங்கச்சிங்க ரெண்டு பேரும் அலைய வேண்டாம், கேக்கும்போது கையெழுத்துப் போட்டா போதும்.”

அக்கறையோடு எழுதியதுதான். ஆனாலும் இதிலுள்ள ஒவ்வொரு வரியும் திருத்தம் கேட்கிறது. அதிலும் முதல் வரிதான் பின்னாளில் உடன்பிறந்தவர்களைப் பேசாமல் பிரித்துவைப்பது.

நாமினி என்றால் பணம் அவருக்கே என்பது பரவலான நம்பிக்கை. வங்கி பணத்தை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் நியமனம் சொல்கிறது; பணம் யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றிய சர்பதி தேவி வழக்கில் 1983-இலும், வங்கிக் கணக்கு பற்றிய ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. காப்பீட்டில் மட்டும் 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் பாலிசிப் பணம் இப்போது அவருக்கே உரியது. வங்கி டெபாசிட்டுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது.

நம் ஆசிரியரின் டெபாசிட் 6 லட்சம் ரூபாய் என்று வைத்துப் பங்கு பிரிப்போம். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய். ஆக ஆறு பேர், ஆளுக்கு 1 லட்சம். பெரும்பாலான வீடுகளில் அந்தப் புளியங்குடிப் பாட்டியை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மகள்களின் பங்கு 1989-இலோ 2005-இலோ வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் திருத்தங்கள் பரம்பரைக் கூட்டுச் சொத்தைப் பற்றியவை. அப்பா தானே சம்பாதித்துச் சேர்த்த பணத்தில், கல்யாணம் ஆன மகளுக்கும் 1956-இலிருந்தே சம பங்கு உண்டு. தங்கை தன் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அது அவர் தெரிந்து செய்யும் முடிவாக இருக்க வேண்டும். எதற்கென்று தெரியாமல் போட்ட கையெழுத்தாக இருக்கக் கூடாது.

அண்ணன் நாமினியாகப் போய்ப் பணத்தை வாங்கிவருவதில் தவறில்லை. நியமனம் இருந்தால் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று போதும். வாரிசுச் சான்றிதழோ ஈட்டுறுதிப் பத்திரமோ வங்கி கேட்கக் கூடாது. தாள்கள் எல்லாம் சேர்ந்த 15 நாளுக்குள் முடித்துக்கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. டெபாசிட் முதிர்வதற்கு முன்பே எடுத்தாலும் அபராத வட்டி கிடையாது.

அடுத்தது பென்ஷன். இது பங்கு பிரிக்கும் சொத்தே அல்ல. குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு மட்டும் உரியது. அம்மாவின் பெயர் பென்ஷன் புத்தகத்திலேயே, அதாவது பிபிஓவில், பதிவாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இறப்புச் சான்றிதழ், பிபிஓ, அம்மாவின் ஆதார், பான், புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றோடு அம்மாவை அழைத்துக்கொண்டு நேரே சார்நிலைக் கருவூலத்துக்குப் போகலாம். தாலுகா ஆபீஸ் சான்றிதழ் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அத்தனை மாதமும் அம்மா கையில் காசில்லாமல் இருப்பார்.

எவ்வளவு வரும் என்பதிலும் குழப்பம் உண்டு. அப்பா வாங்கிய பென்ஷனில் பாதி என்பார்கள். வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். அப்பாவின் கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் முழுப் பென்ஷன் 30,000. அம்மாவுக்கு 18,000, அதோடு அகவிலைப்படி. அப்பா ஓய்வுபெறும்போது பென்ஷனில் ஒரு பகுதியைத் தொகுத்து மொத்தமாக வாங்கியிருந்தாலும், அந்தப் பிடித்தம் அம்மாவின் தொகையில் வராது. அப்பா ஓய்வுபெற்ற சில ஆண்டுகளிலேயே இறந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உயர்ந்த வீதம் உண்டு. அதைக் கருவூலத்தில் கேட்டே ஆக வேண்டும்.

ஏடிஎம் கார்டு விஷயம் பார்ப்பதற்குச் சின்னதுதான். ஆனால் அதிகத் தொந்தரவு அதனால்தான் வருகிறது. அப்பா 10-ஆம் தேதி இறந்தால் அந்த மாதப் பென்ஷன் 10-ஆம் தேதி வரைக்கும்தான். கருவூலத்துக்குச் சொல்லாவிட்டால் முழு மாதத் தொகை கணக்கில் ஏறும், அடுத்த மாதமும் ஏறும். பிறகு தேதி தெரியவந்ததும் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அம்மாவின் கோப்பும் அங்கேயே நிற்கும். இறந்தவரின் கார்டைப் பயன்படுத்த மகனுக்கு உரிமையும் இல்லை. அவசரச் செலவுக்கு ஆளுக்கொரு தொகை போட்டு, பிறகு கணக்கு முடிப்பதே சரி.

தபால் ஆபீஸ் பணம் எங்கேயும் போகாது என்பது உண்மைதான், ஆனால் அதன் வட்டி போய்விடும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா 10 லட்சம் போட்டிருந்தால், 8.2 சதவீத வட்டி இறந்த நாள் வரைதான். அதன் பிறகு கணக்கை முடிக்கும் வரை சாதாரணச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம். ஆறு மாதத் தாமதத்தில் 21,000 ரூபாய் குறையும். அம்மா ஒருவரே நாமினி, அவருக்கென்று தனியாக இதே கணக்கு இல்லை, வயதுத் தகுதியும் உண்டு என்றால், முடிக்காமல் அதே கணக்கைத் தொடரலாம். ஆகவே வரிசையில் கடைசிக்குத் தள்ளக் கூடாத வேலை இது.

எல்லாவற்றுக்கும் முதல் தாள் இறப்புச் சான்றிதழ். அதைச் சங்கரன்கோவில் நகராட்சியில் கேட்டு அலைகிறவர்கள் உண்டு. சான்றிதழ் தருவது உயிர் பிரிந்த இடத்தின் பதிவாளர்தான். பாளையங்கோட்டை மருத்துவமனையில் இறந்திருந்தால் அந்தப் பக்கப் பதிவுதான். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பதியும்போதே பிபிஓவில் உள்ளபடி பெயரும் இனிஷியலும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். ‘சங்கர நாராயணன்’ ஓரிடத்தில் சேர்ந்தும் இன்னோரிடத்தில் பிரிந்தும் இருந்தால் ஒவ்வொரு கவுண்டரிலும் கேள்வி வரும்.

ஆகவே வேலையை இப்படிப் பிரிக்கலாம். இறப்புச் சான்றிதழையும் பெயர்ப் பொருத்தத்தையும் மூத்த தங்கை பார்க்கட்டும். அண்ணன் அம்மாவைக் கருவூலத்துக்கும் தபால் ஆபீசுக்கும் அழைத்துப் போகட்டும். கருவூலத்தில் ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் மனு கொடுக்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தம்பி வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கட்டும், பாட்டியையும் தங்கைகளையும் விடாமல் ஆறு பெயரும் போட்டு. நாமினி இல்லாத கணக்குக்கு அந்தச் சான்றிதழ் உதவும். வாங்கிய பணம் எவ்வளவு, யார் கையில் என்பதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றே எழுத வேண்டும்.

சின்னத் தங்கைக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று உண்டு. பீரோவிலுள்ள பழைய பாஸ்புத்தகங்களைத் தேடி எடுத்து, ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய udgam.rbi.org.in தளத்தில் அப்பாவின் பெயரையும் பான் எண்ணையோ பிறந்த தேதியையோ போட்டுப் பார்ப்பது. 10 ஆண்டு தொடப்படாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் அந்தந்த வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். தபால் ஆபீஸ் கணக்குகள் அந்தத் தளத்தில் வராது. அவற்றுக்குப் பாஸ்புத்தகத்தோடு நேரில்தான் போக வேண்டும்.