அச்சம் தவிர்த்து எச்சரித்தல்

மருந்துத்தாளின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதும் பாடம்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் பாலாறு குறுக்கிடுகிறது. ஒரு கரை தமிழ்நாடு, மறுகரை கர்நாடகம். அவ்வழியே கல்லுடைக்கவும் கட்டட வேலை செய்யவும் மைசூருப் பக்கம் வந்து தங்கிய தமிழ்க் குடும்பம் ஒன்றை மனத்தில் அமைத்துக்கொள்வோம். தந்தைக்குப் பல வாரங்களாக இருமல். அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக் காசநோய் என்று கண்டறிந்து, நாள்தோறும் உண்ண மாத்திரை கொடுத்தனர். அவர் உடனே வேலைக்குத் திரும்பிவிட்டார்.

முதல் நாள் மாலையிலேயே அவருடைய சிறுநீர் செம்மஞ்சள் நிறத்தில் போயிற்று. இரத்தம் போகிறது என்று அஞ்சினார். மருந்துடன் வந்த தாள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் படித்தாள்:

“இம்மருந்தினால் பொதுவாகக் குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூட்டு வலி, சிறுநீர் நிறமாற்றம் ஏற்படும். கல்லீரல் அழற்சி, மஞ்சள் காமாலை, கல்லீரல் செயலிழப்பு, மரணம், பார்வை நரம்பு அழற்சி, கை கால் நரம்பு பாதிப்பு, கடுமையான ஒவ்வாமை ஆகியன தெரிவிக்கப்பட்டுள்ளன. பக்கவிளைவுகள் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுகவும்.”

கேட்டுக்கொண்டிருந்த தாய் மாத்திரை அட்டையை எடுத்து அடுக்களைப் பரணில் வைத்துவிட்டாள். குடும்பம் கற்பனை, தாளின் வாசகமும் இப்பாடத்திற்காக அமைக்கப்பட்டது. ஆனால் அட்டை பரணுக்குப் போவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. மருந்துக்கு வசப்படும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தரப்படுகின்றன. அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக ஏனைய மூன்றும் தொடரும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமிகளாகவும் மாறக்கூடும்.

சிகிச்சையை வீட்டிலிருந்தே பெறலாம் என்பதை உலகுக்குக் காட்டிய நகரம் சென்னை. 1956ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவ விடுதியிலும் மற்றொரு பிரிவினரைத் தத்தம் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர் என்ற முடிவு 1959இல் வெளியாயிற்று. அக்காலத்தில் ரிஃபாம்பிசின் இல்லை. ஆயினும் நோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறை நிலைபெற அம்முடிவு வழிவகுத்தது. மருத்துவ விடுதியில் சிறுநீர் சிவந்தால் செவிலியரிடம் கேட்கலாம். வீட்டில் இரவு எட்டு மணிக்கு யாரிடம் கேட்பது? அங்கே விடை சொல்ல வேண்டியது தாள்தான்.

இனி அத்தாளில் எங்கே பிழை என்று பார்ப்போம். அதிலுள்ள செய்திகளில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் படித்தவருக்கு இரண்டு தீங்குகள் நேர்ந்தன. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சினார். எதற்கு விரைய வேண்டும் என்பதை அறியாமற்போனார்.

முதலில் ‘பொதுவாக’ என்னும் சொல்லை நோக்குக. ஆங்கில மருந்துத்தாள்களில் வரும் ‘காமன்’ என்னும் சொல்லை மகள் இவ்வாறு பெயர்த்தாள். ஐரோப்பிய மருந்துத்தாள்களில் அச்சொல்லுக்கு ஓர் அளவு உண்டு: நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேரில் ஒருவர் வரை. தமிழில் ‘பொதுவாக மாலையில் மழை பெய்யும்’ என்றால் பெரும்பாலான மாலைகளில் பெய்யும் என்றே கொள்வோம். ஆகவே ‘பொதுவாக வாந்தி ஏற்படும்’ என்ற தொடர், பத்தில் ஒருவருக்கு நேர்வதை எல்லாருக்கும் நேர்வதாக ஆக்கிவிடுகிறது. ‘பத்துப் பேரில் ஒருவருக்கு ஏற்படலாம், ஒன்பது பேருக்கு ஏற்படுவதில்லை’ என்று எண்ணால் சொன்னால் இக்குழப்பம் இல்லை. சரியான எண் தெரியாதபோது ‘சிலருக்கு’ என்பதே நேர்மையான சொல்.

வினைமுற்றும் அவ்வாறே. ‘ஏற்படும்’ என்பது உறுதி. ‘ஏற்படலாம்’, ‘ஏற்படக்கூடும்’ என்பன வாய்ப்பு. ரிஃபாம்பிசின் உண்டவருக்குச் சிறுநீர் நிறம் மாறுவது மிக இயல்பு. அங்கே ‘மாறும்’ என்றே எழுதலாம். கல்லீரல் பாதிப்புக்கு ‘கூடும்’ வேண்டும். மூலத்தாளோ மூட்டு வலிக்கும் நிறமாற்றத்திற்கும் ஒரே ‘ஏற்படும்’ என்று போட்டுவிட்டது. ‘தெரிவிக்கப்பட்டுள்ளன’ என்பது இன்னும் மோசம். யார் தெரிவித்தார், எத்தனை பேருக்கு, நான் என்ன செய்வது என்ற மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இல்லை.

சொல்லைத் திருத்தியபின் வரிசையைத் திருத்த வேண்டும். மூலத்தாள் நோய்ப்பெயர்களை அடுக்கியது. படிப்பவருக்குத் தேவை, தம் கண்ணால் காணும் அறிகுறியும் அப்போது செய்ய வேண்டிய செயலும். எனவே அடுக்கை உடைத்து, செயலை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்: கவலையின்றித் தொடர வேண்டியவை, தொடர்ந்துகொண்டே சொல்ல வேண்டியவை, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை.

பிரிக்கும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. இப்பாடத்தின் மிகக் கடினமான இடம் இதுவே. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது தீங்கற்றது. ரிஃபாம்பிசினே செந்நிற மருந்து, அதன் சாயம் சிறுநீரிலும் வியர்வையிலும் கண்ணீரிலும் கலந்து வருகிறது. ஆனால் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வந்தாலும் சிறுநீர் அடர்நிறமாகும். ‘சிறுநீர் நிறம் மாறினால் அஞ்ச வேண்டா’ என்று மட்டும் எழுதினால், காமாலை வந்தவரும் அமைதியாக இருந்துவிடுவார். ‘மாறினால் உடனே வருக’ என்று எழுதினால், மருந்துண்ணும் அனைவரும் முதல் நாளே வரிசையில் நிற்பர். இரண்டையும் வேறுபடுத்தும் குறிகளைத் தாள் சொல்லியாக வேண்டும். மருந்தின் நிறம் முதல் நாளிலேயே, மாத்திரை உண்ட சில மணி நேரத்தில் தோன்றும். உடலில் வேறு துன்பம் இராது. காமாலை பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து வரும். பசி அடியோடு போகும், வாந்தி, சோர்வு ஆகியன சேரும், கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகும். ஆகவே சிறுநீரைப் பார்த்து முடிவு செய்யாமல் கண்ணைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தீயதை மறைத்துவிட்டால் அச்சமே இராதே என்று சிலர் கருதலாம். அது தவறு. எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வையை மங்கச் செய்யும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் குறையும். விரைவில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை மீளும். தாள் இதனை மறைத்தால் அந்த நாள்கள் வீணாகும். மறுபுறம், அச்சமே துன்பத்தை உண்டாக்கும் என்பதும் மெய். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்கவிளைவால் கைவிட்டவர்களுக்கு, சில மாதங்கள் அம்மருந்தும் சில மாதங்கள் மருந்தற்ற வெற்று மாத்திரையும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தனர் லண்டன் ஆய்வாளர்கள். மருந்தினால் உணர்ந்த துன்பத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் தோன்றியது. 2020இல் வெளியான இம்முடிவு ஸ்டாட்டினுக்கு உரியது. காசநோய் மருந்தால் வரும் காமாலைக்கு இதனைப் பொருத்திவிடக் கூடாது. காமாலை அச்சத்தால் வருவதன்று.

இவற்றையெல்லாம் கருதித் திருத்திய வடிவம் பின்வருமாறு:

“இம்மாத்திரையை உண்ணத் தொடங்கிய முதல் நாளிலேயே சிறுநீர் ஆரஞ்சு அல்லது செந்நிறமாகப் போகும். வியர்வையிலும் கண்ணீரிலும் இந்நிறம் தெரியலாம். இது மருந்தின் நிறம், இரத்தம் அன்று. இதனால் கெடுதல் இல்லை. மாத்திரையைத் தொடர்ந்து உண்ணுங்கள்.

சிலருக்குக் குமட்டல், மூட்டு வலி, கை கால்களில் எரிச்சல் அல்லது மதமதப்பு ஏற்படலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து தரும் பணியாளரிடம் சொல்லுங்கள். இவற்றைத் தணிக்க வழி உண்டு.

நூறு பேரில் ஒரு சிலருக்குக் கல்லீரலோ பார்வையோ பாதிக்கப்படக்கூடும். விரைவில் கண்டால் மருந்தை மாற்றிப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். கண்ணின் வெண்பகுதி மஞ்சளானால், பசியே இல்லாமல் வாந்தி தொடர்ந்தால், பார்வை மங்கினால், நிறங்கள் மாறித் தெரிந்தால், முகம் வீங்கினால் அல்லது உடலெங்கும் தடிப்பு வந்தால், அடுத்த மாத்திரையை உண்பதற்கு முன் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் சிறிதும் காத்திராதீர்கள். மாத்திரை அட்டையை உடன் எடுத்துச் செல்லுங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி: 1800-11-6666.”

மூலத்தைவிட இது நீளமானது. நீளம் இங்கே குற்றமன்று. ‘மரணம்’ என்ற சொல் நீக்கப்பட்டது ஏன் என்று வினவலாம். அச்சொல் படிப்பவருக்கு ஒரு செயலையும் கற்பிக்கவில்லை. அதனைத் தடுக்கும் செயல் ‘அன்றே செல்லுங்கள்’ என்பதில் உள்ளது. ‘அணுகவும்’ என்பது அலுவலக அறிவிப்பின் நடை; தாளைப் படிப்பவர் பெரியவராகவும் உடல் நலிந்தவராகவும் இருப்பதால் ‘செல்லுங்கள்’ என்ற மரியாதைப் பன்மை பொருந்தும். இத்தாளாலும் ஆகாதது ஒன்றுண்டு. மது அருந்துவோருக்கும் முன்பே கல்லீரல் நோய் உடையோருக்கும் ஆபத்து மிகுதி. அவர்கள் அதனை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எழுதியவருக்குத் தாம் எழுதியது எப்போதும் தெளிவாகவே தோன்றும். ஆகவே பிறரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மருந்துத்தாள்கள் இவ்வாறு பொதுமக்களிடம் சோதிக்கப்படுகின்றன. ‘புரிந்ததா?’ என்று கேட்கலாகாது. எவரும் ‘புரிந்தது’ என்றே சொல்வர். ‘பத்தாம் நாள் சிறுநீர் சிவப்பாக இருக்கிறது, கண் வெண்மையாக இருக்கிறது, நன்றாகப் பசிக்கிறது, என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘மாத்திரையைத் தொடர்வேன்’ என்று விடை வந்தால் முதற்பத்தி தேறியது. ‘ஐந்தாம் வாரம் கண் மஞ்சளாக இருக்கிறது’ என்றதற்கு ‘அது மருந்தின் நிறம்’ என்று விடை வந்தால் பிழை படித்தவருடையதன்று; பத்தியைத் திரும்ப எழுத வேண்டும்.

பயிற்சி

1. ‘ஏற்படும்’, ‘ஏற்படலாம்’ ஆகிய வினைமுற்றுகளின் பொருள் வேறுபாட்டை இப்பாடத்திலுள்ள எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குக.

2. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பற்றிய பின்வரும் பகுதியைத் திருத்தி எழுதுக: “பொதுவாகக் குமட்டல், வயிற்று வலி, மலச்சிக்கல், கருமலம் ஏற்படும். உடனடியாக மருத்துவரை அணுகவும்.” (குறிப்பு: இம்மாத்திரையால் மலம் கருமையாவது தீங்கற்றது. உணவுக்குப் பின் உண்டால் குமட்டல் குறையும். ஆனால் மலம் தார் போல் ஒட்டும் தன்மையுடன் துர்நாற்றம் வீசினால், அல்லது தலைசுற்றல் சேர்ந்தால், அது குடலில் இரத்தக்கசிவாக இருக்கக்கூடும்.)

3. நீங்கள் எழுதிய பகுதியை வீட்டில் பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, இரண்டு சூழல் வினாக்கள் கேட்டு, அவர் கூறிய விடைகளை அவர் சொற்களிலேயே எழுதி வருக.