விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை ஒரு மடக்கு

பைத்தானில் 'லூப்' என்றால், நம்ம பாடப்புத்தகம் சொல்லும் மடக்குதான். 11ஆம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லித்தர நான் எழுதிய ஒரு பீரியடுக்கான பாடத்திட்டம் இது. முதல் 20 நிமிடம் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது.

தேவையானவை: 6 சீட்டு, ஒரு சிலேட்டு, சாக்பீஸ்.

முதல் பகுதி: ரயில் விளையாட்டு

ஆறு பேர் வரிசையாக நிற்க வேண்டும். சீட்டுகளில் 1 விழுப்புரம், 2 முண்டியம்பாக்கம், 3 விக்கிரவாண்டி, 4 பேரணி, 5 மயிலம், 6 திண்டிவனம். ஏழாவது ஆள்தான் ரயில். அவர் கையில் சிலேட்டு. அவருக்குத் தரும் கட்டளைகள்:

1. சிலேட்டில் 1 எழுது.
2. சிலேட்டில் உள்ள எண் 7-ஐ விடச் சின்னதா? இல்லையென்றால் 5-க்குப் போ.
3. அந்த எண் உள்ள ஊர்ப் பெயரைச் சொல்.
4. எண்ணை அழித்து, 1 கூட்டி எழுது. திரும்ப 2-க்குப் போ.
5. "எல்லாரும் இறங்குங்க" என்று சொல்.

ஊர் ஆறு இருந்தாலும் கட்டளை ஐந்துதான். அறுபது ஊர் வந்தாலும் ஐந்துதான். 7 மட்டும் 61 ஆகும்.

அடுத்து, 4-வது கட்டளையில் கூட்டுவதை மட்டும் அடித்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். ரயில் "விழுப்புரம், விழுப்புரம்" என்று கத்திக்கொண்டே நிற்கும். இதுதான் முடிவிலா மடக்கு. கம்ப்யூட்டரில் இப்படி ஆனால் Ctrl+C அழுத்தி நிறுத்தலாம்.

இரண்டாம் பகுதி: கம்ப்யூட்டரில்

```
for n in range(1, 7):
    print(n)
print("எல்லாரும் இறங்குங்க")
```

சிலேட்டுதான் n. கட்டளை 1, 2, 4 மூன்றையும் முதல் வரியே பார்த்துக்கொள்கிறது. ஊர் ஆறுதானே என்று பலர் range(1, 6) என்று எழுதுவார்கள். அப்போது ரயில் மயிலத்தோடு நின்றுவிடும், திண்டிவனத்துக்காரர் வீடு போய்ச் சேர மாட்டார்! இரண்டாவது எண் கடைசி ஊர் இல்லை. அதைத் தொடும் முன்பே நிற்க வேண்டிய எல்லை. சிலேட்டில் 7 வந்ததும் ரயில் பெயர் சொல்லாமல் நின்றதை நினைவுபடுத்தினால் போதும்.

இன்னொன்று: கடைசி வரியையும் நான்கு இடம் உள்ளே தள்ளி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊரிலும் "எல்லாரும் இறங்குங்க" வரும், மொத்தம் ஆறு தடவை. உள்ளே தள்ளிய வரி மட்டுமே மடக்குக்குச் சொந்தம்.

உங்களுக்கு ஒரு கேள்வி: திண்டிவனத்திலிருந்து திரும்பி வர range(6, 1, -1) என்று எழுதினால் ரயில் எந்த ஊரோடு நிற்கும்?

(விடை: முண்டியம்பாக்கம். விழுப்புரம் வந்து சேர, நடுவில் உள்ள 1-ஐ 0 ஆக்க வேண்டும்.)

– 12ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு