கம்பு பிறகு, கால் முதலில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. உன் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். ஆண்டு விழா மேடையில் பிள்ளைகள் கம்பு சுற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்கிறாராமே? அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாக வைத்தார்கள். அதைப் பார்த்துப் பலருக்கும் ஆசை வந்திருக்கும். வரட்டும்.

ஆனால் முதல் நான்கு வகுப்புக்குக் கம்பை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடு. தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஆளுக்கொரு சதுரம் போடு. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, தோள் அகலம் விட்டு, முழங்கால் லேசாக மடங்கி நிற்கட்டும். முன்னேறும்போது முன்கால் முதலில் நகரும். பின்வாங்கும்போது பின்கால் முதலில் நகரும். ஒரு காலை மற்றது குறுக்கே தாண்டக் கூடாது. நான்கு திசைக்கும் திரும்புவது முன்பாதத்தில்தான். கம்பு கீழே சுழன்று வரும் நேரத்துக்குள் கால் இடம் மாறியிருக்க வேண்டும், பிந்தினால் அது தன் கணுக்காலிலேயே விழும். பிள்ளைகள் கம்பைக் குறை சொல்வார்கள், நீ காலைப் பார். மண்ணில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு ஆடச் சொன்னால் தடமே காட்டிக்கொடுக்கும். குதிகால் இழுத்த கோடு இருந்தால் உடல் எடை பின்னால் கிடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது இடம். நெற்றி உயரக் கம்பு அந்த வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய நாலடி, கை இரண்டடி. நுனியைப் பிடித்து வீசினால் ஆறடி எட்டும். பக்கத்துப் பிள்ளைக்கும் அதே ஆறடி. நடுவில் இரண்டடி விட்டால் ஆளுக்கு ஆள் 14 அடி வேண்டும். கோ-கோ களம் 27 மீட்டருக்கு 16 மீட்டர், அதாவது சுமார் 88 அடிக்கு 52 அடி. நீளவாக்கில் ஆறு பேர், அகலவாக்கில் மூன்று பேர், ஆக 18 பேருக்கு மேல் அங்கே சுற்ற முடியாது. உன் வகுப்பில் 40 பேர். அதனால் மூன்றாகப் பிரி. ஒரு குழு களத்தில் சுற்றட்டும், ஒன்று தள்ளி நின்று வெறுங்கையோடு காலடி போடட்டும், ஒன்று உட்கார்ந்து கவனிக்கட்டும்.

என் பெரியவன் நெற்றித் தழும்பு உனக்குத் தெரியும். அவன் பள்ளியில் இரண்டே வாரப் பயிற்சியில் மேடை ஏற்றினார்கள். மேடை அகலம் போதவில்லை என்று பின்வரிசையை நெருக்கி நிறுத்தினார்கள். முன்வரிசைக் கம்பு வந்து விழுந்தது. "சின்னக் காயம்தானே" என்றார்கள். கண்ணுக்கு மேலே ஒரு விரல்கடை தூரம், பாப்பா! பாட்டுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றச் சொன்னார்களே தவிர, நிறுத்த ஒருவரும் சொல்லித்தரவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் கம்பு கைக்கு வந்த அன்று வீச்சு வேண்டாம், நிறுத்தம்தான் பாடம். 'நில்' என்ற சொல் கேட்டதும் கம்பு நுனி தரையில் ஊன்ற வேண்டும். அதை நீ மட்டுமல்ல, வகுப்பில் யாரும் சொல்லலாம், வெளியே உட்கார்ந்திருப்பவர்களும் சொல்லலாம். எதற்குச் சொன்னாய் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். கம்பு கை நழுவிப் போனால் எல்லோரும் நின்ற பிறகே எடுக்கப் போக வேண்டும். நடக்கும்போது கம்பு உடம்போடு ஒட்டி நேராக நிற்க வேண்டும். நடுச்சுற்றில் நீ 'நில்' என்றால் ஒரு எண்ணுக்குள் நிறுத்தும் பிள்ளைக்கு மட்டும் வேகத்தைக் கூட்டு. நிறுத்த முடியாத வேகம் அந்தப் பிள்ளைக்கு இன்னும் உரியதல்ல. ஜோடியாக ஆடுவது கடைசியில்தான், அதுவும் சொல்லிவைத்த வரிசைப்படி, கம்பைக் கம்பு தட்டும் அளவுக்கு மட்டும். ஆள் மேல் வீச்சு கிடையாது.

வகுப்புக்கு முன் ஒவ்வொரு கம்பையும் பழைய பருத்தித் துணியால் உருவிப் பார். நூல் சிக்கினால் அங்கே சிலாம்பு கிளம்பியிருக்கிறது, அந்தக் கம்பை ஒதுக்கிவை. மூங்கில் விரிசல் விட்டால் பிளந்துகொள்ளும், பிரம்பு நார்நாராகத்தான் பிரியும். தொடங்குபவர்களுக்கு மெல்லிய பிரம்பு போதும். நுனியில் பூண் போட்டது பள்ளிக்குள்ளேயே வரக் கூடாது.

ஆண்டு விழாவில் வைப்பதும் வைக்காததும் உன் முடிவு. நான் தலையிடவில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் வெறுங்கையோடு காலடி வரிசையை வை, அதுவே பார்க்க அழகாக இருக்கும். கம்புதான் வேண்டும் என்று தலைமையாசிரியர் பிடிவாதம் பிடித்தால், மேடை வேண்டாம், மைதானம் என்று சொல். அதற்கும் அவர் ஒப்பவில்லையென்றால் நானே வந்து பேசுகிறேன்.

ரொம்பத்தான் சொல்லிவிட்டேனோ? நீ எங்கள் எல்லோரையும் விட நன்றாகக் கற்பிப்பாய், தாயி. கொல்லையில் தாத்தாவிடம் காலடி பழகியவர்களில் ஒருமுறைகூடக் கால் மாறாதவள் நீதான், அதை அவரே சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். இருபது பிரம்பு வாங்கித் தேய்த்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அத்தை முறுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
மாமா