வெளிநாட்டுப் பணம்: கட்டணம் மாற்றத்துக்கு முன்பா, பின்பா?

துபாயிலிருந்து மகன் போனில் சொல்கிறார்: "உம்மா, 1,500 திர்ஹம் போட்டிருக்கேன். ரேட் 23. முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு வரும்." மறுநாள் பாஸ்புக்கில் 34,017 ரூபாய்தான் ஏறியிருக்கிறது. 483 ரூபாய் குறைகிறது. பள்ளிக் கட்டணத்துக்குச் சரியாக 34,500 தேவைப்பட்ட வீட்டில் இது சின்னத் தொகை அல்ல. "நீ குறைத்து அனுப்பினாயா?", "அங்கே யாரும் எடுத்தீர்களா?" என்று பேச்சு வளர்ந்து மனவருத்தத்தில் முடிந்த வீடுகளும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் யாரும் தவறு செய்யவில்லை. கட்டணம் எந்த இடத்தில் கழிந்தது என்பதை மட்டும் இரு பக்கமும் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். கணக்கு எளிதாக இருப்பதற்காக 23 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் ரசீதில் உள்ள ரேட்டை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் கழியும் மூன்று இடங்கள்

பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் கட்டணம் 20 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். அமீரகத்தில் அந்தக் கட்டணத்தின் மீது 5 சதவீதம் வாட் வரி உண்டு. அது 1 திர்ஹம். ஆக மொத்தம் 21 திர்ஹம்.

முதல் வகையில் கட்டணம் தனியாக வாங்கப்படுகிறது. மகன் கவுண்டரில் 1,521 திர்ஹம் கொடுக்கிறார். 1,500 முழுவதும் ரூபாயாக மாறுகிறது. ஊருக்கு 34,500 வருகிறது.

இரண்டாம் வகையில் கட்டணம் மாற்றத்துக்கு முன்பே உள்ளுக்குள் கழிகிறது. மகன் கொடுத்தது 1,500. அதில் 21 போக 1,479 திர்ஹம்தான் மாற்றப்படுகிறது. 1,479 x 23 = 34,017. நாம் மேலே பார்த்த வீட்டில் நடந்தது இதுதான்.

மூன்றாம் வகையில் கட்டணம் மாற்றத்துக்குப் பின்பு, ரூபாயாகக் கழிகிறது. அனுப்பிய இடத்தில் 34,500 என்று ரசீது கொடுத்திருப்பார்கள். வழியில் உள்ள வங்கியோ, இங்கே பணம் பெறும் வங்கியோ தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியை வரவு வைக்கும். அல்லது முழுத் தொகையை வரவு வைத்துவிட்டுக் கட்டணத்தைத் தனி வரியில் பற்று எழுதும்.

எங்கே கழிந்தது என்று அறிவது எப்படி?

குறைந்த ரூபாயை எடுத்து ரசீதில் உள்ள ரேட்டால் வகுத்துப் பாருங்கள். 483 ÷ 23 = 21. ரசீதில் உள்ள கட்டணமும் வரியும் சேர்ந்து 21 திர்ஹம் என்றால் கணக்கு பொருந்திவிட்டது. கட்டணம் மாற்றத்துக்கு முன்பு அங்கேயே கழிந்திருக்கிறது.

வகுத்து வரும் எண் ரசீதில் உள்ள எந்தத் தொகையோடும் பொருந்தாவிட்டால் குறைவை ரூபாயாகவே பாருங்கள். உதாரணமாக 118 ரூபாய் குறைகிறது என்றால், 100 ரூபாய் கட்டணமும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 118 ஆகும் என்பது உடனே தெரியும். இப்படி ரூபாயில் முழு எண்ணாக அமைந்தால் அது பெரும்பாலும் இந்தப் பக்கத்து வங்கி எடுத்தது. கிளைக்குப் போய் எதற்கான கட்டணம் என்று கேட்கலாம். ரசீதில் உள்ள பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் விரைவில் கிடைக்கும்.

இரண்டிலும் பொருந்தாவிட்டால் ரேட்டையே சந்தேகிக்க வேண்டும். போனில் சொன்ன ரேட் பலகையில் பார்த்ததாக இருக்கும். ரசீதில் அச்சானது வேறாக இருக்கும். அதனால் வாய்ச்சொல்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரசீதின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: கையிலிருந்து கொடுத்த மொத்தத் தொகை, மாற்றிய தொகை, ரேட், ஊரில் சேர வேண்டிய ரூபாய். ரூபாய்த் தொகை அச்சாகவில்லை என்றால் பணம் வெளிநாட்டு நாணயமாகவே இங்கு வந்து, வந்த நாளில் இங்குள்ள வங்கியின் ரேட்டில் மாறக்கூடும். அப்போது முன்கூட்டி ஒரு தொகையை உறுதியாகச் சொல்ல முடியாது.

"கட்டணம் இல்லை" என்றால்?

ஒரு இடத்தில் 21 திர்ஹம் கட்டணம், ரேட் 23. இன்னொரு இடத்தில் கட்டணமே இல்லை, ரேட் 22.60. கையில் இருப்பது 1,500 திர்ஹம். முதல் இடத்தில் கட்டணம் போக 34,017 வரும். இரண்டாம் இடத்தில் 1,500 x 22.60 = 33,900 வரும். இலவசம் என்று சொன்ன இடத்தில் 117 ரூபாய் குறைவு. கட்டணத்தை ரேட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

ரேட்டுக்குள் எவ்வளவு போகிறது என்பதையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமீரகத் திர்ஹம் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். ஆகவே அன்றைய டாலர் மதிப்பை 3.6725 ஆல் வகுத்தால் திர்ஹத்தின் சந்தை மதிப்பு கிடைக்கும். டாலர் 85.40 ரூபாய் என்றால் திர்ஹம் சுமார் 23.25. எக்ஸ்சேஞ்ச் கொடுத்தது 23 என்றால், திர்ஹத்துக்கு 25 காசு அவர்களுடையது. 1,500 திர்ஹத்துக்கு அது 375 ரூபாய். ரசீதில் கட்டணமாகத் தெரிந்தது 483, தெரியாதது 375, மொத்தச் செலவு 858 ரூபாய். சவூதி ரியாலுக்கும் இதே வழிதான், அங்கே 3.75 ஆல் வகுக்க வேண்டும்.

ஆகவே இரண்டு இடங்களை ஒப்பிடும்போது கட்டணத்தைத் தனியாகவும் ரேட்டைத் தனியாகவும் பார்க்க வேண்டாம். ஊரில் சேரும் ரூபாயை, கையிலிருந்து போன மொத்தத் திர்ஹத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் இடத்தில் 34,017 ÷ 1,500 = 22.68. இரண்டாம் இடத்தில் 22.60. எண் பெரிதாக உள்ள இடமே லாபம். ஆனால் 21 திர்ஹம் என்பது எவ்வளவு அனுப்பினாலும் மாறாத கட்டணம். 300 திர்ஹம் மட்டும் அனுப்பினால் முதல் இடத்தில் 279 x 23 = 6,417 வரும்; கட்டணம் இல்லாத இடத்தில் 6,780 வரும். சிறு தொகைக்கு முடிவு தலைகீழாகிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் தொகையைப் போட்டுப் பார்ப்பதே சரி.

சரியான தொகை சேர வேண்டுமென்றால்

பள்ளிக்கு 34,500 குறையாமல் வேண்டும் என்றால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 34,500 ÷ 23 = 1,500. அதோடு கட்டணம் 21. ஆக 1,521 திர்ஹம் கவுண்டரில் கொடுக்க வேண்டும். இங்குள்ள வங்கி கட்டணம் எடுக்கும் வழக்கமுள்ளது என்றால் அந்த ரூபாயை 34,500 உடன் முதலில் கூட்டிவிட்டுப் பிறகு வகுக்க வேண்டும்.

பயிற்சி

ரியாதிலிருந்து சகோதரர் 2,017.25 ரியால் கொடுத்திருக்கிறார். ரசீதில்: மாற்றிய தொகை 2,000, ரேட் 22.50, கட்டணம் 15, வரி 2.25. ஊரில் வந்தது 44,882 ரூபாய். குறைவு எவ்வளவு? எங்கே கழிந்தது?

விடை: வர வேண்டியது 45,000. குறைவு 118. அனுப்பும் கட்டணமான 17.25 ரியாலை அவர் தனியாகவே கொடுத்துவிட்டார். ஆகவே இந்த 118 மாற்றத்துக்குப் பின்பு ரூபாயில் கழிந்தது. கேட்க வேண்டிய இடம் சகோதரர் அல்ல, இங்குள்ள வங்கிக் கிளை.